எளிமையை நிராகரிக்கும் முன்: வணிகவியல் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வு மாணவர்களுக்கு,

எம்.காம். திட்ட அறிக்கையோ பிஎச்.டி. ஆய்வேடோ எழுதிக்கொண்டிருக்கும் உங்களில் பலர் இந்த ஆண்டும் டேவிஸின் தொழில்நுட்ப ஏற்பு மாதிரியைத்தான் எடுத்திருப்பீர்கள். யுபிஐ, மொபைல் பேங்கிங், இணையவழிக் காப்பீடு, ஆன்லைன் வகுப்பு என்று பொருள் மாறும். உள்ளே இருப்பது ஒன்றுதான். பயன்படுத்தும் எண்ணத்தை ஒரு பக்கம் வைத்து, பயனுள்ளது என்ற உணர்வையும் எளியது என்ற உணர்வையும் மறுபக்கம் வைத்து ஒரு ரிக்ரஷன் ஓட்டுவீர்கள். தேர்வாளனாக இத்தகைய ஆய்வேடுகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன் நான். நான்காம் அத்தியாயத்தின் முடிவில் வரும் ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

அந்த வாக்கியம் இதுதான்: "எளிமை உணர்வின் p மதிப்பு 0.05-ஐ விட அதிகம். எனவே எளிமைக்கும் பயன்படுத்தும் எண்ணத்துக்கும் தொடர்பில்லை." ஐந்தாம் அத்தியாயத்தில் இது பரிந்துரையாக வளர்ந்துவிடும்: "வங்கிகள் செயலியை எளிமையாக்குவதில் செலவிடாமல் அதன் பயன்களை விளம்பரப்படுத்தலாம்." இந்த இரண்டு வாக்கியங்களும் தவறு. உங்கள் கையில் இருக்கும் தரவே அவற்றை மறுக்கிறது. அதைக் காட்டத்தான் இந்த மடல்.

எண்களை வைத்தே பேசுவோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் உங்கள் ஆய்வேடுகளில் பார்க்கும் எண்களிலிருந்து அதிகம் விலகியவை அல்ல. ஓர் ஊரில் 150 சிறுகடைக்காரர்களிடம் யுபிஐ பற்றிக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து புள்ளி அளவுகோல். ஒவ்வொரு கருத்துக்கும் உரிய கேள்விகளின் சராசரியை எடுத்து மூன்று மாறிகள் ஆக்கியிருக்கிறீர்கள். SPSS-இல் அவற்றுக்கு PU, PEOU, BI என்று பெயர். பயனுக்கும் எண்ணத்துக்கும் இடையிலான ஒட்டுறவு 0.62. எளிமைக்கும் எண்ணத்துக்கும் 0.45. எளிமைக்கும் பயனுக்கும் 0.58.

இப்போது இரண்டையும் சேர்த்து ரிக்ரஷன் ஓட்டினால் Coefficients அட்டவணையில் பயனின் பீட்டா 0.54 என்று வரும். அதன் t மதிப்பு 6.9 அளவில் இருக்கும். எளிமையின் பீட்டா 0.14, t மதிப்பு 1.73, p சுமார் 0.085. R² 0.40. இந்த இடத்தில்தான் நீங்கள் பேனாவை எடுத்து "கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போய்விடுகிறீர்கள்.

ஒரு நிமிடம் நில்லுங்கள். எளிமைக்கும் எண்ணத்துக்கும் ஒட்டுறவு 0.45 என்று முந்தைய பக்கத்தில்தானே எழுதினீர்கள்? அடுத்த பக்கத்தில் தொடர்பே இல்லை என்கிறீர்கள். இரண்டும் எப்படி உண்மையாக முடியும் என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

இரண்டு எண்களும் உண்மைதான்; தவறு 'தொடர்பே இல்லை' என்ற வாசிப்பில். அந்த 0.14 தொடர்பின் மொத்த அளவு அல்ல. பயனை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது எளிமை தனியாக எவ்வளவு சேர்க்கிறது என்பதற்கான விடை அது. பயனுணர்வு ஒரே அளவில் உள்ள இரண்டு கடைக்காரர்கள், ஒருவருக்கு யுபிஐ எளிது, இன்னொருவருக்குக் கடினம். இவர்களின் எண்ணத்தில் என்ன வேறுபாடு? இதுதான் அந்தப் பீட்டா கேட்கும் கேள்வி. எளிமை முக்கியமா இல்லையா என்பது வேறு கேள்வி.

கடைக்குள் போய்ப் பாருங்கள். மாலை நேரக் கூட்டத்தில் ஒரு காய்கறிக் கடைக்காரர் நிற்கிறார். பணம் வந்ததா இல்லையா என்று திரையைத் திறந்து பார்க்க அவருக்குத் தெரியவில்லை. இரவில் அன்றைய வரவுப் பட்டியலை எங்கே எடுப்பது என்றும் பிடிபடவில்லை. அவரிடம் போய் "யுபிஐ உங்கள் வியாபாரத்தை விரைவாக்குகிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். கேள்வி பயனைப் பற்றியது, ஆனால் பதிலைத் தீர்மானித்தது எளிமை. பணம் வந்ததைக் குரலில் சொல்லும் ஒலிப்பெட்டியை அதே கடையில் வைத்துவிடுங்கள். திரையைப் பார்க்கும் வேலை ஒழிகிறது. அப்போது அவருக்குப் பயனும் தெரிய வரும். எளிமை பயனுக்குள் புகுந்து எண்ணத்தைச் சேர்கிறது. பயனையும் ரிக்ரஷனில் போட்டுவிட்டால் அந்த வழியாகப் போகும் பங்கு முழுவதும் பயனின் கணக்கில் போய்விடும். மீந்திருக்கும் நேர்வழிப் பங்குதான் அந்த 0.14.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. நீங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் மேற்கோள் காட்டும் கட்டுரையிலேயே இருக்கிறது. ஃபிரெட் டேவிஸ் 1989-இல் 'எம்ஐஎஸ் குவார்ட்டர்லி' இதழில் வெளியிட்ட ஆய்வில் 152 பயனாளர்களும் நான்கு மென்பொருள்களும் இடம்பெற்றன. முதல் ஆய்வில் பயனுக்கும் தற்போதைய பயன்பாட்டுக்கும் ஒட்டுறவு 0.63, எளிமைக்கு 0.45. இரண்டாம் ஆய்வில் எதிர்காலப் பயன்பாட்டுடன் பயனுக்கு 0.85, எளிமைக்கு 0.59. இரண்டையும் சேர்த்து ரிக்ரஷன் செய்தபோது எளிமையின் பங்கு வெகுவாகச் சுருங்கியது. டேவிஸ் அதைப் பார்த்து எளிமை வேண்டாம் என்று முடிவு கட்டவில்லை. எளிமை பயனுக்கு இணையாக நிற்கும் காரணமாக இல்லாமல், பயனுக்கு முன்னால் வரும் காரணமாக இருக்கலாம் என்றுதான் எழுதினார். எந்த ஆய்வின் பெயரால் நீங்கள் மாதிரியை வரைகிறீர்களோ, அதன் முடிவுக்கு நேர்மாறான முடிவை அதே வகை எண்களிலிருந்து எடுக்கிறீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் வரைந்த படத்தில் எளிமையிலிருந்து பயனுக்கு ஓர் அம்பு போகிறதே, அந்த அம்பை நான்காம் அத்தியாயத்தில் ஏன் கைவிட்டுவிடுகிறீர்கள்?

சரி, எப்படித்தான் செய்வது? ஒரு ரிக்ரஷனுக்குப் பதில் மூன்று. முதலில் எளிமையை மட்டும் வைத்து எண்ணத்தைப் பாருங்கள். அடுத்து அதனுடன் பயனையும் சேருங்கள். பிறகு பயனையே சார்பு மாறியாக வைத்து எளிமையிலிருந்து கணியுங்கள். SPSS-இல் இதற்கு இவ்வளவுதான் வேண்டும்:

```
REGRESSION
  /STATISTICS COEFF CI(95) R ANOVA CHANGE TOL
  /DEPENDENT BI
  /METHOD=ENTER PEOU
  /METHOD=ENTER PU.
REGRESSION
  /STATISTICS COEFF CI(95) R ANOVA
  /DEPENDENT PU
  /METHOD=ENTER PEOU.
```

நம் எடுத்துக்காட்டில் முதல் படியில் எளிமையின் பீட்டா 0.45. இரண்டாம் படியில் அது 0.14 ஆகிறது, பயன் 0.54. கடைசி ரிக்ரஷனில் எளிமையிலிருந்து பயனுக்கு 0.58. இப்போது 0.58-ஐ 0.54-ஆல் பெருக்குங்கள்: 0.31. இது பயன் வழியாகப் போகும் மறைமுக விளைவு. அதனுடன் நேர்வழி 0.14-ஐக் கூட்டினால் 0.45, அதாவது முதல் படியில் கண்ட மொத்த அளவு. கணக்கு கச்சிதமாகக் கூடிவிடுகிறது. எளிமையின் தொடர்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பயன் வழியாகப் போகிறது என்று சொல்ல உங்களிடம் எண் இருக்கிறது. "தொடர்பில்லை" என்ற வாக்கியம் இந்த அட்டவணைக்குக் கீழே நிற்க முடியுமா?

மறைமுக விளைவுக்கு நம்பிக்கை இடைவெளியும் வேண்டும். அதற்கு ஆண்ட்ரூ ஹேஸ் உருவாக்கிய PROCESS கருவியை SPSS-இல் நிறுவி, அதில் Model 4-ஐத் தேர்ந்து, பூட்ஸ்டிராப் முறையில் 5000 மறுமாதிரிகள் கேளுங்கள். கிடைக்கும் இடைவெளியில் பூஜ்யம் இல்லையென்றால் மறைமுக விளைவு உண்டு என்று எழுதலாம்.

இதில் ஓர் எல்லையையும் நீங்கள் மறைக்காமல் எழுத வேண்டும். எளிமையிலிருந்து பயனுக்கு அம்பு போகிறது என்பது கோட்பாடு சொல்வது. உங்கள் தரவு அதை நிரூபிக்கவில்லை. ஒரே நாளில், ஒரே படிவத்தில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். அம்பைத் திருப்பிப் போட்டு, பயனுள்ளதாகத் தோன்றுவதால்தான் எளிதாகவும் தோன்றுகிறது என்று வாதிட்டாலும் இதே மூன்று ஒட்டுறவுகள் அப்படியே பொருந்தும். ஆகவே "தாக்கம் ஏற்படுத்துகிறது" என்று முழங்காமல், "கோட்பாடு கூறும் வரிசையை ஏற்றால் இவ்வளவு பங்கு பயன் வழியாகச் செல்கிறது" என்று எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக மதிப்பெண் குறைக்கும் தேர்வாளர் யாராவது இருந்தால் தவறு அவருடையது.

அடுத்ததாக p மதிப்பு. 0.085 வந்ததும் "இல்லை" என்று எழுதுகிறீர்களே, அந்த எண் அப்படியா சொல்கிறது? CI(95) கேட்டிருப்பதால் SPSS பக்கத்திலேயே இடைவெளியையும் அச்சிடும். அது B மதிப்புக்கானது. அதைப் பீட்டாவின் அளவுக்கு மாற்றினால் ஏறத்தாழ −0.02 முதல் 0.29 வரை வரும். அதாவது எளிமையின் நேர்வழிப் பங்கு பூஜ்யமாகவும் இருக்கலாம், 0.29 என்ற கவனிக்கத்தக்க அளவிலும் இருக்கலாம். 150 பேரை வைத்து இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல இயலவில்லை என்பதுதான் அதன் பொருள். தெரியவில்லை என்பதை இல்லை என்று எழுதிவிடுகிறீர்கள்.

இதே ஒட்டுறவுகள் 300 பேரிடம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பீட்டா அதே 0.14. திட்டப்பிழை 0.079-லிருந்து 0.055-ஆகக் குறையும், t மதிப்பு 2.46 ஆகும்; p சுமார் 0.014. உடனே "கருதுகோள் ஏற்கப்படுகிறது" என்று எழுதுவீர்கள், வங்கிக்கு நேர்மாறான பரிந்துரையும் கொடுப்பீர்கள். கடைக்காரர்களின் மனம் மாறவில்லை, யுபிஐயும் மாறவில்லை. நீங்கள் நிரப்பி வாங்கிய படிவங்களின் எண்ணிக்கை மட்டும் மாறியிருக்கிறது. இதைப் பரிந்துரைக்கு அடித்தளமாக்குவது நியாயமா? எளிமையின் வரிசையில் நட்சத்திரக்குறி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதை விட்டுவிடுங்கள். பீட்டா எவ்வளவு, அதன் இடைவெளி எவ்வளவு அகலம் என்பதை வாக்கியமாக எழுதுங்கள்.

இனி, யாரிடம் கேட்டீர்கள் என்பதற்கு வருகிறேன். எனக்கு மிக அதிக வருத்தம் தருவது இதுதான். பெரும்பாலான ஆய்வேடுகளில் கூகுள் படிவத்தின் இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் போகிறது. அல்லது கடை வாசலில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கும் கடைகளில் மட்டும் நுழைந்து கேட்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் வலையில் விழுபவர்கள் ஏற்கனவே பழகிவிட்டவர்கள். கடினமாக இருக்கிறது என்று அட்டையைக் கிழித்துப் போட்டவர், மகன் கைபேசியை எடுத்துப் போனதும் நிறுத்திவிட்டவர், தொடங்கவே அஞ்சியவர் எவரும் உங்கள் 150 பேரில் இல்லை. எளிமைக் கேள்விகளுக்கு எல்லாரும் 4, 5 என்றுதான் போட்டிருப்பார்கள். ஒரு மாறியில் வேறுபாடே குறைந்துவிட்டால் அதன் ஒட்டுறவும் சுருங்கிவிடும். எளிமையால் தடுக்கப்பட்டவர்களை வெளியே விட்டுவிட்டு, உள்ளே இருப்பவர்களிடம் எளிமை தடையாக இல்லை என்று கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது?

இதற்கும் பழைய சான்று உண்டு. டேவிஸ், பகோசி, வார்ஷா மூவரும் அதே 1989-இல் 'மேனேஜ்மென்ட் சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில் 107 எம்பிஏ மாணவர்களுக்கு ஒரு சொற்செயலி மென்பொருளை அறிமுகப்படுத்தி, அந்த ஒரு மணி நேர அறிமுகம் முடிந்ததும் ஒரு முறையும் 14 வாரம் கழித்து ஒரு முறையும் கேட்டார்கள். தொடக்கத்தில் எளிமைக்கு எண்ணத்தின் மீது சிறிய, ஆனால் தெளிவான நேர்விளைவு இருந்தது. நாளாக நாளாக அது தணிந்துவிட்டது. புதிதாகக் கற்பவருக்கு எளிமை பெரிய விஷயம். பழகியவருக்கு அது கண்ணில் படாது. அப்படியானால் உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும்: எத்தனை மாதமாகப் பயன்படுத்துகிறீர்கள்? யுபிஐ 2016-இல் வந்தது; பத்தாண்டுப் பழக்கம் உள்ளவரும் போன மாதம் தொடங்கியவரும் ஒரே சராசரியில் கலந்துவிடக் கூடாது. முடிந்தால் அட்டை ஒட்டாத கடைகளுக்கும் போய் 30, 40 படிவங்களாவது வாங்குங்கள். முடியாவிட்டால், "இந்த முடிவு ஏற்கனவே பயன்படுத்துவோருக்கு மட்டுமே பொருந்தும்" என்று சுருக்கத்திலேயே எழுதுங்கள். வரம்புகள் என்ற கடைசிப் பத்தியில் புதைத்துவிடாதீர்கள்.

சில சிறு விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். SPSS .000 என்று காட்டினால் p பூஜ்யம் என்று எழுதாதீர்கள். p < 0.001 என்பதே சரி. R² 0.40 என்றால் 40 சதவீதம் பேர் பயன்படுத்த விரும்புகிறார்கள் என்று பொருள் அல்ல. எண்ணத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 40 சதவீதத்தை இந்த இரு மாறிகளும் சேர்ந்து விளக்குகின்றன என்று பொருள். VIF இங்கே 1.51 தான், "பத்துக்குக் கீழ், எனவே பிரச்சினை இல்லை" என்று நீங்கள் எழுதுவது சரியே. ஆனால் VIF குறைவாக இருப்பதால் எளிமையும் பயனும் தொடர்பற்றவை என்று ஆகிவிடாது. நம் எடுத்துக்காட்டில் இரண்டுக்கும் இடையே 0.58 ஒட்டுறவு இருந்தும் VIF இவ்வளவுதான் வந்திருக்கிறது. எண்ணம் என்று நீங்கள் அளப்பது எண்ணம் மட்டுமே, உண்மைப் பயன்பாடு அல்ல என்பதையும் முடிவுரையில் மறவாதீர்கள்.

உங்கள் மீது மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. பல்கலைக்கழகங்களின் அருகே "தரவுப் பகுப்பாய்வு செய்து தரப்படும்" என்று பலகை மாட்டிய கடைகள் இருக்கின்றன. படிவங்களைக் கொடுத்துவிட்டால் அட்டவணைகளும் விளக்கமும் சேர்ந்தே வந்துவிடும். எல்லா ஆய்வேடுகளிலும் அந்த விளக்க வாக்கியங்கள் ஒன்றுபோல இருப்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நெறியாளர்கள் பலருக்கு ரிக்ரஷன் தம் மாணவக் காலத்தில் சொல்லித்தரப்படவே இல்லை; மாணவர் கொண்டுவரும் அட்டவணையைப் பார்த்துக் கையெழுத்து இடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் "மாதிரி அளவு எவ்வளவு, எந்த மென்பொருள்?" என்று கேட்டு முடித்துக்கொள்ளும் எங்களைப் போன்ற தேர்வாளர்களும் இதற்குப் பொறுப்பாளிகள். இவ்வளவு பேர் கைகளைக் கடந்து வரும் ஒரு தவறான பரிந்துரை, "மாணவரின் ஆய்வு முடிவு" என்ற பெயரில் நூலக அலமாரியில் போய் நிற்கிறது. அடுத்த ஆண்டு மாணவர் அதை இலக்கிய மீளாய்வில் மேற்கோள் காட்டுகிறார்: "எளிமைக்குத் தொடர்பில்லை என முந்தைய ஆய்வுகள் கண்டுள்ளன." தவறு இப்படித்தான் ஆதாரமாக மாறுகிறது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. சமர்ப்பிக்கும் முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். உங்கள் தரவுக் கோப்பை நீங்களே திறந்து, மேலே கொடுத்த கட்டளைகளை உங்கள் மாறிப் பெயர்களுடன் ஓட்டுங்கள். ஒரே அட்டவணையில் மூன்று நெடுவரிசைகள் வையுங்கள்: எண்ணத்துக்கு எளிமை மட்டும், எண்ணத்துக்கு எளிமையும் பயனும், பயனுக்கு எளிமை. ஒவ்வொன்றிலும் B, திட்டப்பிழை, பீட்டா, நம்பிக்கை இடைவெளி, R² ஆகியவை இருக்கட்டும். அதன் கீழ் நீங்கள் எழுத வேண்டிய விளக்கம், நம் எடுத்துக்காட்டின்படி, இப்படி இருக்கலாம்: "எளிமை உணர்வுக்கும் பயன்படுத்தும் எண்ணத்துக்கும் மொத்தத் தொடர்பு 0.45. இதில் 0.31 பயனுணர்வு வழியாகச் செல்கிறது. மீதமுள்ள நேர்வழிப் பங்கு 0.14, இதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −0.02 முதல் 0.29 வரை அமைவதால் அது உண்டா இல்லையா என்று இம்மாதிரியைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. பதிலளித்தோர் அனைவரும் ஏற்கனவே யுபிஐ பயன்படுத்துவோர்."

பிறகு ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து, எளிமையில் செலவிட வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்லும் வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆய்வேடுகளை வாசிக்கும் ஒரு வணிகவியல் தேர்வாளர்